டிராக்டர் டீசல் ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் தெரிவது

ஒடுகத்தூர் பக்கம் எங்களுக்கு நெல், கரும்பு, கொஞ்சம் மல்லாட்டை. 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று சொந்த வேலைக்கும் ஓடும், வாடகைக்கும் ஓடும். சில வருடமாக அதில் டீசலோடு பயோடீசல் கலந்து ஓட்டுகிறோம். கலப்பு பெரும்பாலும் பி20, அதாவது நூறு லிட்டரில் இருபது லிட்டர் பயோடீசல். எங்களுக்குக் கிடைப்பது ஓட்டல்களில் பொரித்து முடித்த எண்ணெயை வாங்கிப் பக்குவம் செய்து விற்கிற சரக்கு. நம் ஊர் ஓட்டல் எண்ணெய் என்றால் முக்கால்வாசி பாமாயில்தான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மார்கழி மாதக் கதைக்கு இது தேவைப்படும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேடை ஓட்டும்போது சைலன்சரில் வரும் கரும்புகை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைந்தது. பயோடீசலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் லோடு ஏறும்போது முழுசாக எரிகிறது. என்ஜினின் கடகடப்பும் கொஞ்சம் அடங்கியது. இதைவிடப் பெரிய லாபம் கண்ணுக்குத் தெரியாது. 2020 ஏப்ரலில் இருந்து பெட்ரோல் பங்கில் வரும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் வழவழப்பும் சேர்ந்து போய்விடுகிறது. டீசல் பம்புக்குத் தனியாக ஆயில் ஊற்றினாலும், அதன் உள்ளே டீசலைத் தள்ளும் எலிமெண்ட் தேயாமல் இருக்க டீசலின் வழவழப்பையே நம்ப வேண்டும். அந்தக் குறையைச் சரிக்கட்ட கம்பெனிக்காரர்கள் டீசலில் மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள் என்றாலும், ஒன்றிரண்டு சதவீதம் பயோடீசல் சேர்ந்தாலே வழவழப்பு நன்றாக ஏறிவிடும். நஷ்டப் பக்கம் என்று பார்த்தால் பி20-இல் சக்தி ஏறக்குறைய இரண்டு சதவீதம் குறைவு. ரோட்டவேட்டர் ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது.

இதெல்லாம் இருந்தும் எங்கள் சுற்றுவட்டாரத்தில் பயோடீசலை விட்டவர்கள்தான் அதிகம். காரணம் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஃபில்டர் அடைச்சிக்குதுப்பா." அது உண்மைதான். ஆனால் ஃபில்டர் அடைப்பு ஒரே வியாதி கிடையாது. மூன்று தனித்தனிக் காரணத்தால் அடைக்கும், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எந்த அடைப்பு என்று பார்க்காமல் ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் காசு போகும், வேலையும் நிற்கும்.

இதை எங்களுக்குக் காட்டியவர் பள்ளிகொண்டாவில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். மாற்றிய ஃபில்டரை யாராவது தூக்கிப் போடப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். ஹாக்ஸா பிளேடால் தகரத்தை அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை வெளியே எடுத்து, பழைய வெள்ளை வேட்டித் துணி மேல் விரித்து வைப்பார். "தம்பி, தொட்டுப் பாரு. விரல்ல தேய்ச்சிப் பாரு. அது சொல்லும்" என்பார். அவர் சொன்ன முறையில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் அடைப்பு, பயோடீசல் ஊற்ற ஆரம்பித்த புதிதில் வருவது. பழைய டிராக்டர் டேங்கின் அடியிலும் பக்கத்திலும் வருடக்கணக்கான கசடு ஒட்டிக் கிடக்கும். வெறும் டீசல் அதைத் தொந்தரவு செய்யாது. பயோடீசல் நல்ல கரைப்பான், அந்தக் கசடைக் கிளப்பிவிடும். கிளம்பியது நேராக ஃபில்டருக்கு வரும். காகிதத்தை விரித்தால் காபித்தூள் தூவியது போல கருப்பும் பழுப்புமாக இருக்கும், விரலில் தேய்த்தால் நறநற என்று துருத்தூள் தட்டுப்படும். மோசமான வாசனை எதுவும் இருக்காது.

எங்கள் டிராக்டரில் இது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும். ஐடிலில் ஒரு குறையும் இல்லை. ரோட்டவேட்டரை இறக்கி லோடு கொடுத்ததும் ரேஸ் விழும், த்ராட்டிலை எவ்வளவு இழுத்தாலும் ஏறாது. நிறுத்திவிட்டு ஒரு பீடி பிடிக்கிற நேரம் கழித்து எடுத்தால் நன்றாக இழுக்கும், அப்புறம் மறுபடி விழும். ஐடிலுக்குக் கொஞ்சம் டீசல் போதும், அடைபட்ட ஃபில்டர் வழியாக அது வந்துவிடுகிறது. லோடுக்கு வேண்டிய அளவுதான் வருவதில்லை. நிறுத்தி வைக்கும்போது மெதுவாகக் கசிந்து பம்ப் பக்கம் நிறைந்துவிடுவதால் கொஞ்ச நேரம் சமாளிக்கிறது.

சோதிப்பதும் சுலபம். ஃபில்டர் தலையில் டீசல் வெளியே போகும் பக்கத்து ஏர் ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு, ஃபீட் பம்ப் மேல் இருக்கும் கைப்பம்பை அடிக்க வேண்டும். அழுத்தும்போது கை கனமாக இருந்து, ஸ்குரூவில் டீசல் சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு ஃபில்டரில். அழுத்திய பிடி மேலே எழும்பத் தயங்கினால் அடைப்பு அதற்கும் முன்னால், ஃபீட் பம்பின் சல்லடையிலோ டேங்க் வாயிலோ. கனமே இல்லாமல் தொளதொள என்று இருந்து குமிழி குமிழியாக வந்தால் அது அடைப்பே இல்லை, எங்கேயோ காற்று வாங்குகிறது.

இதற்கு வைத்தியம் பொறுமைதான். டேங்கைக் கழற்றிக் கழுவிவிட்டுத் தொடங்குவது நல்லது. முடியாவிட்டால் அடித் திருகைத் திறந்து கசடாவது இறக்கிவிட வேண்டும். நேராக பி20-க்குப் போகாமல் பத்து சதவீதத்தில் சில டேங்க் ஓட்டலாம். எங்கள் வண்டியில் இரட்டை ஃபில்டர், முதலாவது துணி, இரண்டாவது காகிதம். ஆரம்பத்தில் முதல் ஃபில்டரை வழக்கமான மணிக்கணக்கு வரைக்கும் விடாமல் சீக்கிரமே மாற்றினோம். டேங்க் சுத்தமானதும் இந்த அடைப்பு தானாக நின்றுவிடும். பாதிப் பேர் பயோடீசலைக் கைவிடுவது சரியாக அது நிற்பதற்கு முன்னால்தான், அது எனக்கு எப்போதும் ஒரு ஆதங்கம்.

கூடவே ரப்பர் டியூபையும் பாருங்கள். பழைய டிராக்டரில் ரிட்டர்ன் லைனில் இருக்கும் சாதாரண ரப்பர், பயோடீசல் பட்டுப் பட்டு ஊறிப்போய் மெத்தென்று ஆகும், வெளியே வியர்த்தது போல ஈரம் தெரியும். பி20-இல் இது மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும். விட்டான் ரப்பர் டியூப் என்று கேட்டு வாங்கி மாற்றிவிட்டால் நிம்மதி.

இரண்டாவது அடைப்பு, வைத்திருந்த எண்ணெயால் வருவது. நான் பார்த்ததில் பணம் அதிகம் போனது இதில்தான். எங்கள் பங்காளி ஒருவர் அறுவடை சீசனுக்கு என்று கலந்து ஒரு இருநூறு லிட்டர் டிரம்மில் வைத்திருந்தார். பாதிதான் செலவானது. மீதியோடு டிரம் கொட்டகையில் சித்திரை வெயில் முழுக்க இருந்தது, அப்புறம் ஆடியில் மழை, ஐப்பசி மழையும் வந்து போனது. கார்த்திகையில் அதை டேங்கில் ஊற்றி ஓட்டியபோது ஒரு நாள் உழவுகூட முடியவில்லை. புது ஃபில்டர் போட்டார், அதுவும் அடைத்தது.

அறுத்து விரித்தபோது காகிதம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் கொழகொழப்பு. விரலில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு நூல் விட்டது. வாடை, தேங்கிய சாக்கடை போல. மெக்கானிக் அண்ணன் டீசலில் அலசிக் காட்டினார், கரையவே இல்லை. "இது கசடு இல்ல தம்பி, உள்ள வளந்தது" என்றார்.

நடந்தது இதுதான். பயோடீசல் வெறும் டீசலைவிடப் பல மடங்கு ஈரத்தைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். பாதி காலியான டிரம் பகல் சூட்டில் காற்றை வெளியே விடும், இரவில் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். உள்ளே போன ஈரம் குளிர்ந்து டிரம் அடியில் தண்ணீராகத் தங்கும். அந்தத் தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கிற இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். அவைதான் அந்தக் கொழகொழப்பு.

தண்ணீரே இல்லாவிட்டாலும் வெயில் சும்மா விடாது. நம் ஊரில் அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அந்தச் சூட்டிலும் காற்றிலும் பயோடீசல் மெல்லக் கெடும், சிக்குப் பிடித்த எண்ணெய் என்று வீட்டில் சொல்வோமே, அதே சங்கதி. நிறம் கருக்கும், பெயிண்ட் கடை வாடை போல ஒரு காட்டம் வரும், அமிலம் ஏறும், பிசின் கட்டும். இப்படி அடைத்த ஃபில்டரில் கொழகொழப்பு இருக்காது, விரலில் வார்னிஷ் போல ஒட்டும். வழுக்கினால் பூஞ்சை, ஒட்டினால் பிசின். ஃபில்டரில் நின்ற பிசினைப் பற்றிக் கவலை இல்லை, மாற்றிவிடலாம். ஃபில்டரைத் தாண்டிப் போனதுதான் பம்பிலும் டீசலைப் பீய்ச்சும் நாசிலிலும் படிந்து செலவு வைக்கும். பங்காளி விஷயத்தில் நாசில்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டியிருந்தது. மிச்சம் இருந்த எண்ணெய் வயலுக்கும் ஆகாது, வண்டிக்கும் ஆகாது.

கலக்காத பயோடீசலுக்கு ஆறு மாதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது நிழலில், மூடிய நிலையில், தண்ணீர் படாமல் இருந்தால். எங்கள் சீமைச் சூட்டுக்கு நான் கலந்த டீசலையே மூன்று மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. வாங்கும்போதே தேவைக்கு மட்டும் வாங்குகிறோம். துத்தநாகப் பூச்சு போட்ட டிரம்மும், பித்தளை, செம்பு இணைப்புகளும் கூடாது. அவை பயோடீசலைச் சீக்கிரம் கெடுக்கும், தாமும் அரிக்கும். கெட்டியான நீல பிளாஸ்டிக் டிரம், கிட்டத்தட்ட நிறைய, வெயில் படாத இடத்தில். அடியில் இருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் தண்ணீர் இருந்தால் தனியாகக் கோடு தெரியும். டிராக்டர் நிற்கப் போகிறது என்றால் கலந்த டீசலைத் தீர்த்துவிட்டு, கடைசி டேங்கை வெறும் டீசலால் நிரப்பி நிறுத்துகிறோம். நிரப்பி என்பதுதான் முக்கியம், காலி இடம் இருந்தால் ஈரத்துக்கு இடம்.

வாங்கும் சரக்கையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். விலை ரொம்பக் குறைவாக இருந்தால் அது வெறுமனே வடிகட்டிய எண்ணெயாகக்கூட இருக்கலாம். ஒரு பாட்டிலில் பாதி பயோடீசல், பாதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். மேலே தெளிந்த எண்ணெய், கீழே தண்ணீர் என்று பளிச்சென்று பிரிந்தால் சரி. நடுவில் பால் போல வெள்ளைப் படலம் நின்றால் சோப்பு முழுசாகக் கழுவப்படவில்லை, அல்லது எண்ணெய் முழுசாக மாறவில்லை என்று அர்த்தம். அந்தச் சரக்கு வேண்டாம்.

மூன்றாவது அடைப்புக்கு மலை ஏற வேண்டும். வேலூர்ச் சமவெளியில் மார்கழி விடியலில்கூட குளிர் பெரும்பாலும் பதினைந்து டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. பி20-க்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் ஜவ்வாது மலை வேறு. பீஞ்சமந்தைப் பக்கம் களத்தில் சாமை அடிக்க டிராக்டர் போனது, இரவு அங்கேயே திறந்த வெளியில் நின்றது. விடியற்காலையில் எடுத்தபோது ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, என்ஜினும் பிடித்தது. ஒரு நிமிடம் ஓடி, தேம்பித் தேம்பி நின்றது. மறுபடி பிடித்தது, மறுபடி நின்றது.

உடன் வந்த பையன் பேட்டரி என்றான். பேட்டரியாக இருந்தால் முதலிலேயே சுற்றியிருக்காது. பைப்பிலும் பம்பிலும் இருந்த டீசலில் ஒரு நிமிடம் ஓடியிருக்கிறது, அதற்குப் பின்னால் வர வேண்டியது வரவில்லை. டீசல் லைனில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் எப்போதும் தெளிவாக இருக்கும் எண்ணெய் மங்கலாக, வெண்மை கலந்து நின்றது. நான் முதலில் சொன்ன பாமாயில் இங்கேதான் வேலையைக் காட்டுகிறது. குளிர்காலத்தில் வீட்டுப் பாமாயில் பாட்டிலின் அடி உறைவதைப் பார்த்திருப்பீர்கள். பாமாயிலில் செய்த பயோடீசல் தனியாக இருந்தால் பத்து முதல் பதினாறு டிகிரிக்குள்ளேயே கலங்க ஆரம்பிக்கும். டீசலோடு கலந்தால் அந்த அளவு கீழே இறங்கும், ஆனாலும் வெறும் டீசல் அளவுக்கு இறங்காது. உண்டாகிற மெழுகுத் துகள்கள் காகித மடிப்பில் சிக்கிவிடும்.

அங்கே இருந்த ஒரு பெரியவர் டேங்குக்கு அடியில் சுள்ளி கொளுத்தலாம் என்றார். அந்தப் பழக்கம் லாரிக்காரர்களிடமிருந்து வந்தது போல, தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். வெந்நீர் வைத்து, துணியை நனைத்து ஃபில்டர் மேல் சுற்றி, ஆறியதும் மறுபடி நனைத்துச் சுற்றினோம். கிண்ணம் தெளிந்தது. காற்று எடுத்துவிட்டு அடித்ததும் வண்டி ஓடியது. என்ஜின் சூடாகிவிட்டால் திரும்பி வரும் டீசலே டேங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கும், பிறகு தொந்தரவு இல்லை.

ஆனால் அன்று மத்தியானம் நல்ல வெயிலிலும் இழுவை முழுசாகத் திரும்பவில்லை. மெழுகு மட்டும் என்றால் வெயிலில் கரைந்து போயிருக்க வேண்டும். இறங்கி வந்து பள்ளிகொண்டாவில் அறுத்துப் பார்த்தால் காகிதத்தில் வெளுத்த மாவு. கையில் வைத்து மூடினால் உருகவில்லை. முழுசாக மாறாத எண்ணெயின் மிச்சம், மோனோகிளிசரைடு என்பார்கள், குளிரில் பிரிந்து படிந்துவிட்டால் சாதாரண வெயிலுக்கு அது திரும்பக் கரையாது. உருகினால் மெழுகு, காத்திருக்கலாம். உருகாவிட்டால் சரக்கின் தரம் குறைவு, ஃபில்டரையும் மாற்ற வேண்டும், வாங்குகிற இடத்தையும் மாற்ற வேண்டும். நாங்கள் இரண்டையும் மாற்றினோம்.

காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கெல்லாம் குளிர்தான் காரணம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சைலன்சரைப் பாருங்கள். சுற்றும்போது வெண்புகை வந்தால் டீசல் போகிறது, எரியத்தான் மாட்டேன் என்கிறது. புகையே வராவிட்டால் டீசல் போகவில்லை. கிண்ணம் தெளிவாக இருந்தும் புகை இல்லை என்றால், ஊறிப்போன அந்த ரப்பர் டியூபில் காற்று புகுந்து, இரவோடு இரவாக டீசல் டேங்குக்கே இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு வெந்நீர் ஊற்றிப் பயனில்லை.

இப்போது கார்த்திகை பிறந்ததும் பயோடீசல் அளவை ஐந்து சதவீதத்துக்குக் குறைத்துவிடுகிறோம், மலைக்கு வேலை வந்தால் வெறும் டீசல்தான். கலப்பதையும் விடியலில் செய்வதில்லை, மத்தியானத்தில்தான். குளிர்ந்த பயோடீசலைக் குளிர்ந்த டீசலில் ஊற்றினால் அந்த இடத்திலேயே துகள் கட்டும், பிறகு கலக்கினாலும் போகாது. டிரம்மில் முதலில் எண்பது லிட்டர் டீசல், அதன் மேல் இருபது லிட்டர் பயோடீசல். பயோடீசல் கனம் என்பதால் தானாகக் கீழே இறங்கிக் கலந்துகொள்ளும். மாற்றி ஊற்றினால் அது அடியிலேயே தங்கிவிடும், முதல் டேங்கில் யாருக்கோ ஐம்பது சதவீதம் போய்ச் சேரும். பங்கு டீசலிலேயே ஏழு சதவீதம் வரை பயோடீசல் கலந்து வர அனுமதி உண்டு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்குச் சொன்னது. 2023 ஜனவரியில் இருந்து ஐம்பது குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்குப் புகை விதி இறுகிவிட்டது, அவற்றில் பெரும்பாலும் எலக்ட்ரானிக் முறையில் டீசல் பீய்ச்சும் காமன் ரெயில் வந்துவிட்டது. அங்கே அழுத்தமும் அதிகம், நாசில் ஓட்டையும் நுணுக்கம், விலையோ கேட்கவே வேண்டாம். என் மச்சான் போன வருடம் அப்படி ஒன்று எடுத்தான். "மாமா, நானும் கலக்கட்டுமா?" என்று கேட்டான். புத்தகத்தில் எத்தனை சதவீதம் வரைக்கும் என்று போட்டிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு சொட்டு வேண்டாம், வாரண்டி முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். அவன் பங்கு டீசலிலேயே ஓட்டுகிறான். எங்கள் பழைய வண்டி கலப்பில் ஓடுகிறது, ஒவ்வொரு முறை ஃபில்டர் மாற்றும்போதும் பழசு பள்ளிகொண்டாவுக்குப் போய்விடுகிறது.